கொளஞ்சியப்பன் பெயரில் போன பதில்

கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் எட்டு மெஷின் போட்ட டயாலிசிஸ் பிரிவு ஒன்று இருக்கிறது. கொளஞ்சியப்பன் அங்கே டெக்னீஷியன். பதினோரு வருட சர்வீஸ். சிறுநீரகம் செயலிழந்து வாரத்துக்கு மூன்று முறை வந்து படுக்கிறவர்களின் கையில் ஊசி ஏற்றி, ரத்தத்தை மெஷின் வழியாகச் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் அனுப்புவது அவன் வேலை. ஒரு ஆளுக்கு நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் பிரஷர் விழாமல், கால் பிடித்து இழுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் அவனுக்கு நல்ல பெயர். "கொளஞ்சி தம்பி இருக்குறாரா? அப்ப நான் இன்னைக்கே வர்றேன்" என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இருந்தார்கள்.

வீடு சிதம்பரத்தில். காலை ஆறரைக்கு முதல் ஷிப்ட் என்பதால் நாலே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வெள்ளாற்றுப் பாலம், பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் இருட்டிலேயே கடந்து, சிப்காட் ரசாயன ஆலைகளின் வாடை மூக்கில் ஏறும்போதுதான் தூக்கம் கலையும். திரும்பி வர சாயங்காலம் ஆறாகும். மனைவி மலர்க்கொடி ஒரு உரக்கடையில் பில் போடுகிறாள். மகளைக் கிளப்பி, சோறு கட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவள் வேலைக்கு ஓடுவதை ஏழு வருடமாகக் கொளஞ்சியப்பன் கேள்விப்பட்டதுதான், கண்ணால் பார்த்தது ஞாயிற்றுக்கிழமையிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு செம்பியனுடையது. அவனும் சிதம்பரம்தான், ஊரின் மறு கோடியில் வீடு. இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் டிப்ளமோ படித்தவர்கள். முதலில் கொளஞ்சியப்பன் அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தான், ஒரு வருடம் கழித்துச் செம்பியனையும் சேர்த்துவிட்டான். யார் முதலில் ஏறினாலும் ஜன்னலோரம் மற்றவனுக்கு விட்டுவைப்பார்கள். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கொளஞ்சியப்பனுக்குத் தைராய்டு ஏறிவிட்டது. உடம்பு இளைத்தது, நெஞ்சு படபடத்தது, எல்லாவற்றையும் விட மோசமாக, கை நடுங்கியது. ஊசி போட்டுப் பிழைக்கிறவனுக்கு விரல் நடுங்கினால் என்ன ஆவது? யாரிடமும் சொல்லவில்லை, செம்பியனிடம் மட்டும் சொன்னான். செம்பியன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீ மெஷின ரெடி பண்ணு மச்சான், ஊசிய நான் போட்டுக்குறேன்" என்றான். இரண்டு மாதம் அப்படியே ஓட்டினார்கள். மாத்திரை வேலை செய்து நடுக்கம் முழுதாக நின்ற அன்று, கொளஞ்சியப்பன் முதல் ஊசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, எதிர் மெஷினில் இருந்து செம்பியன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அந்தச் சிரிப்பை நினைத்தால் கொளஞ்சியப்பனுக்கு ஒரு காலத்தில் கண் கலங்கும்.

போன ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் ஷிப்ட் தாமதமாகத் தொடங்கியிருந்தது. தண்ணீர் சுத்திகரிக்கும் பிளான்ட் ஒரு மணி நேரம் மக்கர் பண்ணியதில் எட்டு பேரும் வரிசையாகக் காத்திருந்தார்கள். கொளஞ்சியப்பன் வியாகுலமேரி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கடலூர் முதுநகரில் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. ரத்தக்குழாய் மெலிசு, நழுவும். ஒரு ஊசி ஏற்றியாகிவிட்டது, இரண்டாவதை ஏற்றப் போகிறான், அந்த நேரம் பார்த்து மேஜை மேல் இருந்த அவன் போனில் மணி சத்தம்.

கையுறை போட்ட கையால் போனைத் தொட முடியாது. தொட்டால் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கை கழுவி, புதிது மாட்ட வேண்டும். டீச்சரின் கையை விடவும் முடியாது.

"மச்சான், யாருன்னு பாரு. மலராத்தான் இருக்கும். பாப்பாவுக்கு காலையில ஜுரம் அடிச்சிச்சு."

செம்பியன் அப்போதுதான் ஒரு மெஷினை முடுக்கிவிட்டுக் கையுறையைக் கழற்றியிருந்தான். போனின் பூட்டு அவனுக்குத் தெரியும், பல வருடமாகத் தெரியும். திறந்து பார்த்தான். மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தான்.

"மலரு இல்ல. ஏதோ புது நம்பரு. வேலை வாய்ப்பாம். விருப்பம் இருந்தா பேச வசதியான நேரம் சொல்லுங்கன்னு இருக்குது."

"என்ன வேலையாம்? எங்க?"

"அதெல்லாம் ஒண்ணும் தெளிவா இல்லடா. இந்த மாதிரி தெனம் பத்து வருது."

டீச்சர் சிரித்தார். "போ தம்பி, துபாய்க்குப் போயிடாத. எனக்கு யாரு ஊசி போடுறது?"

கொளஞ்சியப்பன் ஊசியின் மேல் இருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனாலும் ஆசை என்று ஒன்று இருக்கிறதே. "சும்மா விட்டுடாதடா. டூட்டியில இருக்கேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல பேசுறேன்னு போடு. எந்த ஆஸ்பத்திரி, என்ன போஸ்ட், யாரு பேசுறாங்கன்னு கேளு. மரியாதையா போடு."

"சரி."

ஊசி ஏறியது. சரியாக விழுந்ததற்கு அடையாளமாக ஊசிக் குழாயில் ரத்தம் எட்டிப் பார்த்தது. குழாயை இணைத்து, பிளாஸ்திரி ஒட்டி, மெஷினை ஓடவிட்டு நிமிர்ந்து பார்த்தான். செம்பியன் இன்னமும் குனிந்து அமுக்கிக்கொண்டிருந்தான்.

"என்னடா, கதை எழுதுறியா?"

"தமிழ்ல அடிக்கிறேன் மச்சான். எழுத்து மாறி மாறி வருது" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

அதோடு சரி. நாலாவது மெஷினில் ஒருவருக்குப் பிரஷர் இறங்கி வாந்தி வந்தது. அவரைத் தலை தாழ்த்திப் படுக்கவைத்து, சலைன் விட்டு, ஆள் தெளிவதற்குள் மெசேஜ் மறந்துபோயிற்று. சாயங்காலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு நினைவு வந்து போனை எடுத்துத் தேடினான். மெசேஜ் எதுவும் இல்லை.

"மச்சான், காலையில வந்ததே, எங்கடா?"

செம்பியன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். "அதுவா? பிராடுடா. எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டேன். அதுக்குப் பதிலே இல்ல. மொதல்ல ரெஜிஸ்ட்ரேஷனுக்கு ரெண்டாயிரத்து ஐநூறு அனுப்பு, அப்புறம் சொல்றோம்னான். பிளாக் பண்ணி அழிச்சிட்டேன். நீ லிங்க் கிங்க் எதையாச்சும் அமுக்கித் தொலைச்சிடுவியேன்னுதான்."

வேலை கொடுக்கிறவன் முதலில் காசு கேட்டால் அவன் வேலை கொடுக்கிறவன் இல்லை என்பது கொளஞ்சியப்பனுக்கும் தெரியும். அவனுடைய மாமனார் ஊரில் ஒரு பையன் அப்படிக் கட்டி ஏமாந்திருந்தான். "நல்ல வேளைடா" என்றான். புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது இறங்கி, இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே டீ வாங்கி வந்தான்.

ஆகஸ்ட் முடிவில் செம்பியன் வேலையை விட்டான். பண்ருட்டியில் மச்சினனுக்கு முந்திரி வியாபாரம், ஏற்றுமதி வரைக்கும் போகிறது, கணக்கு வழக்குப் பார்க்க நம்பிக்கையான ஆள் வேண்டும் என்கிறான், இந்த ஊசி நாற்றத்தில் எத்தனை நாள் இருப்பது என்று சொன்னான். கடைசி நாள் எல்லோரும் கேக் வெட்டினார்கள். கொளஞ்சியப்பன் தன் கையால் முதல் துண்டை அவனுக்கு ஊட்டிவிட்டான். அதற்கப்புறம் நாலே முக்கால் பஸ்ஸில் பக்கத்தில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். முதல் வாரம் செம்பியன் தினமும் போன் செய்தான். பிறகு வாரம் ஒன்று. பிறகு இவன் செய்தால் எடுத்து, "லோடு ஏத்துற எடத்துல இருக்கேன் மச்சான், அப்புறம் கூப்புடுறேன்" என்பான். கூப்பிட மாட்டான்.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. சிறுநீரக டாக்டர் சபாபதி வாரம் இரண்டு நாள் அந்தப் பிரிவுக்கு வருவார். அதிகம் பேசாதவர், ஆனால் கொளஞ்சியப்பன் மேல் அவருக்குப் பிரியம் உண்டு. புதிதாக யாருக்காவது கையில் ரத்தக்குழாயை இணைத்து ஆபரேஷன் செய்து, அதில் முதல் முதலாக ஊசி போட வேண்டி வந்தால், "கொளஞ்சி போடட்டும்" என்பார். செப்டம்பரில் இருந்து அது மாறியது. அவன் ஊசியை எடுத்தால் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார். ஒருநாள் புது ஆள் வந்தபோது, "சிஸ்டர் போடட்டும். நீ மெஷினப் பாத்துக்கோ" என்றார்.

கொளஞ்சியப்பனுக்கு எதுவும் விளங்கவில்லை. வீட்டில் மலர்க்கொடியிடம் சொன்னான். "எங்கயோ தப்பு பண்ணிட்டேன் போல மலரு. டாக்டருக்கு எம்மேல என்னமோ கோவம்."

"கேட்டுட வேண்டியதுதானே?"

"என்னன்னு கேக்குறது? ஏன் சார் என் கையப் பாக்குறீங்கன்னா?"

நவம்பரில் வியாகுலமேரி டீச்சர் சிதம்பரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே புதிதாகத் திறந்த ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் இருக்கிறது, மகள் வீட்டில் இருந்து ஆட்டோவில் பத்து நிமிடம் என்றார். அங்கே போய் இரண்டாவது வாரம் கொளஞ்சியப்பனுக்குப் போன் செய்தார்.

"நல்லா இருக்கியா தம்பி? எடம் சுத்தமா இருக்குது. நீ இல்லியேங்கிற குறை ஒண்ணுதான். ஆனா தெரிஞ்ச ஆளு போடுறதால பயமில்ல."

"யாரு டீச்சர் தெரிஞ்ச ஆளு?"

"செம்பியன்தான். என்னப்பா, ஒனக்குத் தெரியாதா? இங்க சீனியரே அவருதான். திறந்த நாள்லேர்ந்து இருக்காராம்."

பஸ் ஆலப்பாக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஏறியவர்கள் சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். கொளஞ்சியப்பன் போனைக் காதில் வைத்தபடியே இருந்தான்.

அப்போதும் அவனுக்கு மெசேஜ் நினைவுக்கு வரவில்லை. அதைத்தான் பிற்பாடு மலர்க்கொடி நம்ப மறுத்தாள். அவன் நினைத்தது இவ்வளவுதான்: வேலை கிடைத்ததைச் சொல்ல வெட்கப்பட்டுப் பொய் சொல்லியிருக்கிறான். நானும் அதே ஊர்க்காரன், நானும் அதே பஸ்ஸில் அல்லாடுகிறவன், சொன்னால் வருத்தப்படுவேன் என்று மறைத்திருப்பான். இப்படி அவனுக்காக இவனே காரணம் கண்டுபிடித்துக்கொண்டு, மனசைத் தேற்றிக்கொண்டு, சனிக்கிழமை லீவு போட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனான். செம்பியனைப் பார்க்கப் போகவில்லை. இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா என்று ஆபீஸில் விசாரிக்கத்தான் போனான்.

எச்.ஆர். அறையில் இருந்த பெண்ணின் பெயர் ஆரோக்கிய ஜெனிபர். முப்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னார். இவன் பெயரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார்.

"கொளஞ்சியப்பன் சாரா? கடலூர்ல இருந்தா?" குரலில் ஒரு தயக்கம். "இப்ப உடம்பு எப்படி இருக்கு சார்?"

"எனக்கென்ன மேடம்? நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல, கை நடுக்கம்னு சொல்லியிருந்தீங்களே."

"நானா? யாருகிட்ட?"

அந்தப் பெண் அவன் முகத்தையே பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து, வெகுநேரம் மேலே தள்ளித் தள்ளித் தேடி, மேஜை மேல் வைத்து அவன் பக்கம் திருப்பினார்.

முதலில் அவர் அனுப்பியது இருந்தது. "வணக்கம் கொளஞ்சியப்பன் சார். நான் ஆரோக்கிய ஜெனிபர், எச்.ஆர்." என்று தொடங்கி, ஆஸ்பத்திரியின் பெயர், சிதம்பரத்தில் எந்த வீதி, டயாலிசிஸ் பிரிவுக்கு சீனியர் டெக்னீஷியன் தேவை, உங்களுடன் வேலை செய்த ஒரு டாக்டர் உங்கள் பெயரைச் சொன்னார், விருப்பம் இருந்தால் பேச வசதியான நேரம் சொல்லுங்கள் என்று எல்லாமே வரிசையாக இருந்தது. தெளிவில்லாதது என்று அதில் எதுவும் இல்லை.

அதற்குக் கீழே, அவன் எண்ணில் இருந்து, அவன் பெயரில், பதில்.

"நன்றி மேடம். எனக்கு விருப்பம் இல்லை. தைராய்டால் கை நடுக்கம் இருக்கிறது, முன்பு போல ஊசி போட முடியவில்லை. இங்கே சமாளித்துக்கொண்டு இருக்கிறேன். இதை வெளியே சொல்ல வேண்டாம். என் நண்பர் செம்பியன் இதே பிரிவில் இருக்கிறார், அனுபவம் உள்ளவர், சொந்த ஊர் சிதம்பரம்." அதன் பிறகு செம்பியனின் எண்.

அதற்கும் கீழே ஜெனிபர், "சரி சார், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி" என்று எழுதியிருந்தார். அதன் ஓரத்தில் ஒரே ஒரு டிக் மட்டும் இருந்தது. அது இவனுக்கு வந்து சேரவே இல்லை.

கொளஞ்சியப்பன் தன் போனை எடுத்தான். பிளாக் செய்த எண்கள் இருக்கும் பக்கத்தைத் திறந்தான். ஒரே ஒரு எண் இருந்தது. மேஜை மேல் இருந்த போனில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக வைத்துப் பார்த்தான். எல்லாம் பொருந்தியது.

"இத நான் அனுப்பல மேடம்" என்றான். தன் போனையும் அவர் பக்கம் திருப்பி வைத்தான். "அப்ப என் கையில கையுறை இருந்திச்சு. பதில் போடச் சொல்லிக் குடுத்தேன்."

யாரிடம் என்று அவர் கேட்கவில்லை. மெசேஜின் கடைசி வரியே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜெனிபர் தன் போனை எடுத்துக்கொண்டு, "உங்க பேரைச் சொன்னது சபாபதி டாக்டர்தான் சார்" என்றார். "இங்கயும் அவர்தான் பாக்குறார். அங்க இருக்குற ஆளை அவரே இழுத்ததா பேச்சு வரக்கூடாதுன்னு என்னை அனுப்பச் சொன்னார். செம்பியன் இங்க சேர்ந்தப்ப, நீங்க வேண்டாம்னதுக்கு என்ன காரணம்னு கேட்டார். வெளியே சொல்ல வேண்டாம்னு எழுதியிருந்தீங்க. ஆனா நோயாளிங்க விஷயம், அவர்கிட்ட மறைக்க முடியல. சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

செப்டம்பரில் இருந்து டாக்டர் ஏன் விரலைப் பார்த்தார் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

இடம் நிரம்பிவிட்டது, செம்பியன் நன்றாக வேலை செய்கிறார், ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைப்பது தன் கையில் இல்லை, ஆனால் நடந்ததை மேலே எழுதுவேன் என்றார் ஜெனிபர். அடுத்த இடம் வரும்போது பார்க்க, பயோடேட்டாவை மெயிலில் அனுப்பச் சொன்னார். "நீங்களே அனுப்புங்க சார்" என்று அழுத்திச் சொன்னார். அந்தப் பெண்ணின் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது எதிரே செம்பியன் ஏறி வந்தான். நீல உடை, சட்டைப் பையில் பெயர் அட்டை. இவனைப் பார்த்ததும் கால் நின்றது. பிறகு கொளஞ்சியப்பனின் முகத்தைப் படித்துவிட்டு, "வா, வெளிய போயிடலாம்" என்றான்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரமாகப் போய் நின்றார்கள்.

"டீச்சரு சொல்லித்தான் தெரியும். சரி, வெக்கப்பட்டு மறைச்சிட்டான்னு நெனச்சேன்" என்றான் கொளஞ்சியப்பன். "இப்ப அந்தப் பொண்ணு காட்டிச்சு. முழுசாப் படிச்சேன்."

செம்பியன் தரையைப் பார்த்தான். "அந்த நேரம் என்னமோ தோணிப்போச்சு மச்சான். யோசிச்சு செய்யல."

"யோசிக்காமலா அவ்ளோ நீளம் எழுதுன?"

"நீ போயிருந்தா நான் என்ன பண்றது சொல்லு. அந்த பஸ்ல நான் ஒருத்தனா? நீதான் நல்ல ஊசிக்காரன், நீதான் டாக்டருக்குப் புடிச்ச ஆளு. பத்து வருஷம் உம் பக்கத்துலயே நின்னேன், எம் பேரு ஒருத்தர் வாயிலயும் வரல. அந்த மெசேஜ்லயும் உம் பேருதான். பாத்ததும் வயிறு எரிஞ்சிச்சு. நெசத்தைச் சொல்றேன்."

"வேண்டாம்னு மட்டும் போட்டிருக்கலாம். கை நடுங்குதுன்னு ஏண்டா போட்ட?"

"வேண்டாம்னு மட்டும் போட்டா மறுபடியும் கேப்பாங்க. போன் பண்ணுவாங்க." சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் நிறுத்தினான். அப்புறம் திடீரென்று குரல் உயர்ந்தது. "ஒனக்கு நடுங்குனப்ப யாருடா போட்டது? ரெண்டு மாசம் ஒன் ஆளுங்களுக்கும் சேத்து நான் போடல? நான் வாயத் தொறந்திருந்தா அன்னைக்கே ஒன் வேலை போயிருக்கும். அதுக்கு ஒரு நன்றி வேணாமா?"

படியில் இறங்கியதில் இருந்து கொளஞ்சியப்பன் மனசுக்குள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தான். அடிக்கக்கூட நினைத்திருந்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் தளர்ந்துபோயிற்று. அந்த இரண்டு மாதத்தை அவன் தன் வாழ்க்கையில் நடந்த நல்ல காரியங்களில் ஒன்றாக வைத்திருந்தான். செம்பியன் அதை இத்தனை நாளும் கையிருப்பாக வைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் எடுத்துச் செலவழித்திருக்கிறான்.

"நன்றியா?" என்றான். "ஜூலை மாசம் வரைக்கும் இருந்திச்சு."

திரும்பி நடந்தான். செம்பியன் பின்னால் "மச்சான், மச்சான்" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை, "கொளஞ்சி" என்றான்.

திங்கட்கிழமை டாக்டர் சபாபதி ரவுண்ட்ஸ் முடிக்கிற வரைக்கும் காத்திருந்து அவர் அறைக்குள் போனான். இரண்டு வருடத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை எல்லாம் ஒரு கவரில் போட்டு எடுத்து வந்திருந்தான். மேஜையில் வைத்து, தைராய்டு வந்தது, மாத்திரை சாப்பிட்டது, நடுங்கிய இரண்டு மாதம் ஊசியைத் தொடாதது, நடுக்கம் நின்றது எல்லாவற்றையும் சொன்னான். மெசேஜ் யார் அனுப்பியது என்பதையும் சொன்னான்.

டாக்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து அடுக்கினார். "கையை நீட்டு" என்றார். விரலை விரித்து நீட்டினான். அதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். தாள் அசையவில்லை.

"இத அன்னைக்கே நீ எங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

"பயம் சார்."

"அந்தப் பயத்தை ஒருத்தன் கையில குடுத்துட்ட. அவன் அதை வச்சு ஒன்னக் கவுத்துட்டான்." கவரைத் திருப்பிக் கொடுத்தார். "என் மேலயும் தப்பு இருக்கு. ஒரு வார்த்தை ஒன்னக் கூப்புட்டுக் கேட்டிருக்கலாம். கேக்காம ரெண்டு மாசம் ஒன் கையப் பாத்துக்கிட்டு நின்னேன்." வியாழக்கிழமை நெல்லிக்குப்பத்தில் இருந்து புதிதாக ஒருவர் வந்தபோது, "கொளஞ்சி போடட்டும்" என்றார். பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

பயோடேட்டாவை, ஜெனிபரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலமே மலர்க்கொடி உட்கார்ந்து அடித்துக் கொடுத்தாள், அவன் அனுப்பினான். கிடைத்தது, இங்கே இரண்டாம் ஷிப்ட் தொடங்கும்போது கூப்பிடுகிறோம் என்று ஜெனிபரிடம் இருந்து மெயில் வந்தது. இரண்டாம் ஷிப்ட் இன்னும் தொடங்கவில்லை. நாலே முக்கால் பஸ்தான்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் செம்பியனின் மனைவி சத்யப்பிரியா வீட்டுக்கு வந்தாள். மகனுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் கொளஞ்சியப்பன் பெயரை அவளே எழுதியிருந்தாள். தட்டில் பத்திரிகையும் பழமும் வைத்து நீட்டி, "அண்ணே, நீங்க அவர்கூட சண்டையா? வீட்டுல பேரை எடுத்தாலே எழுந்து போயிடுறாரு. எதுவா இருந்தாலும் நீங்க வராம நடக்காது. நீங்கதான் முன்னால நிக்கணும்" என்றாள். அவளுக்கு எதுவும் தெரியவில்லை என்பது அவள் முகத்திலேயே இருந்தது.

மலர்க்கொடி சமையலறை வாசலில் நின்று புருஷனைப் பார்த்தாள். சொல்லிவிடு என்று அவள் பார்வை சொன்னது.

கொளஞ்சியப்பன் தட்டை வாங்கிக்கொண்டான். "அன்னைக்கு டூட்டிம்மா."

"ஞாயித்துக்கெழமைண்ணே. ஒங்களுக்கு லீவுதானே?"

"எமர்ஜென்சி வருது. இப்பல்லாம் ஜாஸ்தி."

அவள் சரி என்று தலையாட்டினாள், நம்பியதாகத் தெரியவில்லை. மலர்க்கொடி காபி கொடுத்தாள், பிள்ளையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்கள், அவள் கிளம்பினாள். வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் மலர்க்கொடி பொறுத்திருந்தாள்.

"ஏன் சொல்லல? அவளுக்குத் தெரிய வேணாமா கட்டிக்கிட்டவன் எப்படிப்பட்ட ஆளுன்னு?"

"தெரியணும்னா அவன் சொல்லட்டும்" என்றான் கொளஞ்சியப்பன். "இன்னொருத்தன் விஷயத்த எடுத்துச் சொல்ற ஆளு நான் இல்ல."

பத்திரிகையை டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டு, மறுநாள் காலைக்கு அலாரம் வைக்கப் போனான்.